பாட்டியின் கண் திறந்திருக்கிறது, நிழல்?

கல்யாண மண்டபத்தில் குடும்பம் மொத்தமும் மேடையேறி நிற்கும் குரூப் போட்டோவில் எல்லாரும் ஒரே நொடியில் நன்றாக இருப்பது அரிது. இருபது பேர் நின்றால் ஒருவராவது கண்ணை மூடியிருப்பார், ஒரு குழந்தை பக்கவாட்டில் திரும்பியிருக்கும், ஒரு மாமா செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால்தான் போட்டோகிராபர்கள் அதே குழுவை ஐந்தாறு முறை தொடர்ந்து எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஆல்பம் டிசைனர் அவற்றில் சிறந்த படத்தை அடிப்படையாக வைத்து, கண் மூடியவரின் தலையை மட்டும் இன்னொரு படத்திலிருந்து எடுத்துப் பொருத்துகிறார். தொழிலில் இதற்கு ஹெட் ஸ்வாப் என்று பெயர். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஆல்பத்திலும் ஒன்றிரண்டு தலைகள் இப்படி இடம் மாறியிருக்கலாம். வேலை நன்றாக நடந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

தலையைப் பொருத்துவது அவ்வளவு கடினமில்லை. ஃபோட்டோஷாப் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். பொருத்தியது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கடினம். ஒரு மணி நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு எதுவும் தவறாகத் தெரியாது. ஆல்பம் அச்சாகி வந்த பிறகு, வீட்டுக்கு வந்த அத்தை பக்கத்தைப் புரட்டியதும் “பாட்டி முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்பார். அத்தைக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் கண் சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

அத்தைக்கு முன்னால் அந்தப் பிழையை டிசைனரே பிடிக்க மூன்று வழக்கங்கள் இருக்கின்றன. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது, நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது, முழு ஜூமில் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது. பெரும்பாலான டிசைனர்கள் மூன்றையும் அறிவார்கள். ஆனால் பலர் ஜூமில் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் அந்த வரிசை தவறு. ஜூம் கடைசியில்தான் வர வேண்டும். ஏன் என்பதை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

மேடையில் பதினெட்டு பேர். முன்வரிசையில் நாற்காலியில் மணப்பெண்ணின் பாட்டி. ஆறு படங்கள் எடுக்கப்பட்டன. மூன்றாவதுதான் நல்ல படம். பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்திகள், குழந்தைகள் எல்லாரும் சரியாக இருக்கிறார்கள். பாட்டி மட்டும் கண்ணை மூடியிருக்கிறார். ஐந்தாவது படத்தில் பாட்டி கண் திறந்து, பல் தெரியச் சிரிக்கிறார். எந்த டிசைனரும் முதலில் அதைத்தான் எடுப்பார். எடுத்து, மூன்றாவது படத்தின் மேல் ஒரு லேயராக வைத்து, மாஸ்க் போட்டு, கழுத்தோரம் மெதுவாகப் பிரஷ் ஓட்டியாகிவிட்டது. திரையில் முழுப் படமாகப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை.

இப்போது படத்தைத் திருப்பிப் பார்ப்போம். ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளில் View மெனுவில் Flip Horizontal என்று இருக்கிறது. கிம்ப்பிலும் View மெனுவுக்குள் இதே வசதி உண்டு. கிரிட்டாவில் M விசையைத் தட்டினால் போதும். இவை எல்லாம் திரையில் தெரியும் காட்சியை மட்டும் திருப்புகின்றன. கோப்பில் எதுவும் மாறுவதில்லை. பழைய பதிப்பில் வேலை செய்பவர்கள் Image மெனுவில் Image Rotation சென்று Flip Canvas Horizontal கொடுக்கிறார்கள். அது படத்தையே திருப்பிவிடும். பார்த்து முடித்ததும் மறுபடி திருப்ப மறந்து சேமித்தால், எல்லாப் பெண்களின் முந்தானையும் வலத்தோளுக்குப் போயிருக்கும், மேடைக்குப் பின்னால் மணமக்கள் பெயர் எழுதிய பலகை இடவலம் மாறிய எழுத்தாக நிற்கும். பலகை இருந்தால் உடனே தெரிந்துவிடும். பூ அலங்காரம் மட்டும் இருக்கும் மேடையில் இந்தத் தவறு அச்சுவரை போய்விட வாய்ப்பிருக்கிறது.

கண்ணாடியில் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழக்கம் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. இத்தாலியைச் சேர்ந்த லியோன் பத்திஸ்தா ஆல்பர்த்தி 1435இல் ஓவியம் பற்றி எழுதிய நூலிலேயே, வரைந்ததைக் கண்ணாடியில் பார்த்துச் சோதிக்கும்படி ஓவியர்களுக்குச் சொல்லியிருக்கிறார். லியோனார்டோ டா வின்சியும் தன் குறிப்புகளில் இதையே வற்புறுத்துகிறார். கண்ணாடியில் தெரியும் ஓவியம் வேறொருவர் வரைந்தது போலத் தோன்றும், பிறர் வேலையில் குறை காண்பது எளிது என்பது அவர் சொல்லும் காரணம். இன்றைக்கும் அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. ஒரு முகத்தை நெடுநேரம் பார்க்கும்போது அதன் சாய்வும் கோணலும் நமக்குப் பழகிப்போகின்றன. இடம் வலமானால் அந்தப் பழக்கம் அறுந்துவிடுகிறது. வலப்பக்கம் இரண்டு டிகிரி சாய்ந்திருந்ததைச் சமன்செய்து பார்க்கப் பழகிய கண், அதே சாய்வு இடப்பக்கமாக வந்ததும் இரட்டிப்பாக உணர்கிறது.

திருப்பிய படத்தில் எங்கே பார்க்க வேண்டும்? முகத்தின் உள்ளே போகவே கூடாது. பதினெட்டு பேரும் தெரிகிற அளவில் வைத்துக்கொண்டு, யார் தலை முதலில் கண்ணில் படுகிறது என்று கவனிக்க வேண்டும். நம் படத்தில் பாட்டியின் தலைதான் பட்டது. உடம்புக்குத் தலை கொஞ்சம் பெரிதாக இருந்தது. பிறகு அளந்து பார்த்தால் காரணம் கிடைத்தது. மூன்றாவது படத்தில் ஒரு காதிலிருந்து மறு காதுவரை 236 பிக்சல்; ஐந்தாவதில் 248. சிரிக்கும்போது பாட்டி கேமரா பக்கம் சற்று முன்னால் குனிந்திருக்கிறார், அதனால் தலை ஐந்து சதவீதம் பெரிதாகப் பதிவாகியிருக்கிறது. தனியாகப் பார்த்தால் ஐந்து சதவீதம் தெரியாது. அதே தோள்களின் மேல் வைக்கும்போது தெரியும். Free Transform-இல் 95 சதவீதமாகக் குறைத்ததும் தலை உட்கார்ந்துவிட்டது.

தலை மாற்றத்தில் பெரிதாக்குவதைவிடச் சிறிதாக்குவது எப்போதும் நல்லது. சிறிதாக்கினால் விவரங்கள் நெருங்கிக் கூர்மை கூடும், அதைச் சமாளித்துவிடலாம். பெரிதாக்கினால் இல்லாத பிக்சல்களை மென்பொருள் இட்டு நிரப்ப வேண்டியிருக்கும், முகம் மசமசப்பாகிவிடும். ஏழெட்டு சதவீதத்துக்கு மேல் பெரிதாக்க வேண்டியிருந்தால் வேறு படம் தேடுவதே மேல் என்பது என் எண்ணம்.

திருப்பிப் பார்க்கும்போது பிடிபடும் இன்னொன்று பார்வையின் திசை. மேடை எதிரில் போட்டோகிராபர் ஒருவர், வீடியோகிராபர் ஒருவர், செல்போனோடு பத்து உறவினர்கள் நிற்பார்கள். பதினேழு பேர் ஒரு லென்ஸைப் பார்க்க, ஒட்டிய தலை மட்டும் வீடியோ கேமராவைப் பார்த்தால், அதைச் சரிசெய்யும் வழி கிடையாது. கருவிழியை நகர்த்திப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கழுத்தும் மூக்கும் ஒரு பக்கம் இருக்கக் கண் மட்டும் வேறு பக்கம் போகும்போது முகம் பயமாகிவிடுகிறது. நம் பாட்டி நல்லவேளையாகச் சரியான லென்ஸையே பார்த்திருந்தார்.

அளவு சரி, சாய்வு சரி, பார்வை சரி. அடுத்தது கறுப்பு வெள்ளை. மூன்றில் எனக்கு முக்கியமாகப்படுவது இதுதான், பலர் தவறாகச் செய்வதும் இதைத்தான்.

நிறம் நம் கவனத்தைப் பறித்துக்கொள்கிறது. அரக்குப் பட்டு, மஞ்சள் வெளிச்சம், மல்லிகை, குங்குமம், தங்கம் எல்லாம் சேர்ந்திருக்கும் மேடையில், ஒரு முகத்தின் மேல் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் முகத்தின் வடிவத்தை நமக்குக் காட்டுவது ஒளியும் நிழலும்தான். மூக்கின் ஒரு பக்கம் இருண்டிருப்பதால்தான் மூக்கு எடுப்பாகத் தெரிகிறது. நிறத்தை நீக்கிவிட்டால் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும். ஒட்டப்பட்ட முகம் வேறு வெளிச்சத்தில் எடுத்ததென்றால் அங்கே மாட்டிக்கொள்ளும்.

தவறு நடப்பது, நிறத்தை எப்படி நீக்குவது என்பதில். மெனுவில் Hue/Saturation எடுத்து Saturation-ஐ -100 வரை இழுப்பதுதான் பலரின் வழக்கம். அது காட்டும் கறுப்பு வெள்ளை நம்பக்கூடியதல்ல. ஒரு பிக்சலில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த முறை அவற்றில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. சுத்தமான சிவப்புக்கு 255, 0, 0 என்பதால் விடை சுமார் 128. சுத்தமான மஞ்சளுக்கு 255, 255, 0. அதற்கும் சுமார் 128. குங்குமமும் மஞ்சள் பட்டும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன. நம் கண்ணுக்கோ மஞ்சள் பளிச்சென்றும் சிவப்பு அடர்த்தியாகவும் தெரிகிறது. கண் பச்சை ஒளியை அதிகமாகவும் நீலத்தை மிகக் குறைவாகவும் வெளிச்சமாக உணர்வதே காரணம்.

சரியான முறை இன்னும் எளிது. எல்லா லேயருக்கும் மேலே கறுப்பு நிறம் நிரப்பிய ஒரு லேயரைப் போட்டு, அதன் Blend Mode-ஐ Color என்று மாற்றினால் போதும். கீழே உள்ள படத்தின் நிறம் போய், வெளிச்சம் அப்படியே நிற்கும். இதில் சிவப்புக்கு 0.3, பச்சைக்கு 0.59, நீலத்துக்கு 0.11 என்ற பங்கில் கணக்கிடப்படுகிறது. அதே சிவப்பு இப்போது 76 என்றும் அதே மஞ்சள் 227 என்றும் வருகிறது. கண் பார்க்கும் உலகத்துக்கு இது மிகவும் நெருக்கம். அந்த லேயருக்கு ‘சோதனை’ என்று பெயர் வைத்து, தேவையானபோது கண் சின்னத்தைத் தட்டித் திறந்து மூடிக்கொள்ளலாம். ஏற்றுமதி செய்யும் முன் அணைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சோதனை லேயரைத் திறந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாட்டியின் முகத்தைப் பார்த்தால், அந்த முகம் மற்ற பதினேழு முகங்களோடு சேரவில்லை. எல்லாருடைய மூக்கு நிழலும் படத்தின் வலப்பக்கமாக விழுந்திருக்கிறது, ஏனென்றால் போட்டோகிராபரின் குடை ஃபிளாஷ் இடப்பக்கம் இருந்தது. பாட்டிக்கு மட்டும் நிழல் இடப்பக்கம் விழுகிறது. நிறத்தில் பார்த்தபோது இது தெரியவே இல்லை.

கண் சொன்னதை எண்ணால் உறுதிசெய்வது நல்ல பழக்கம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாட்டியின் முகத்தைப் பக்கத்தில் இருக்கும் பெரியம்மாவின் முகத்தோடு ஒப்பிடக் கூடாது, இருவரின் தோல் நிறம் வேறு. பாட்டியைப் பாட்டியோடுதான் ஒப்பிட வேண்டும். புதிய தலையின் லேயரை அணைத்தால் கீழே கண் மூடிய பழைய முகம் இருக்கிறது. Info பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே இடங்களில் சுட்டியை வைத்து இரண்டையும் படிக்கலாம். பழைய முகத்தில் நெற்றி 150, படத்தின் இடப்பக்கக் கன்னம் 146, வலப்பக்கக் கன்னம் 121. புதிய முகத்தில் நெற்றி 163, இடக் கன்னம் 131, வலக் கன்னம் 152.

இந்த எண்களில் கதை முழுதும் இருக்கிறது. மூன்று இடமும் ஒரே அளவில் ஏறியிருந்தால் வெளிச்சம் கூடியிருக்கிறது, ஒரு கர்வ்ஸ் போட்டு இறக்கிவிடலாம். இங்கே நெற்றியும் வலக் கன்னமும் ஏற, இடக் கன்னம் இறங்கியிருக்கிறது. அதாவது ஒளியின் திசையே மாறியிருக்கிறது. ஐந்தாவது படம் எடுக்கும் நேரத்தில் வீடியோகிராபர் வலப்பக்கமாக நகர்ந்து, தன் லைட்டை முன்வரிசைக்கு நேராகப் பிடித்திருக்கிறார். நம் ஊர்க் கல்யாணங்களில் எடுத்த படங்களில் இந்தப் பிழைக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. போட்டோவுக்கென்று வைத்த விளக்கு அசையாது, வீடியோ லைட்டோ நொடிக்கு நொடி நகரும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைய டிசைனர் கேட்டார்: “அண்ணே, அந்த நிழலை டாட்ஜ், பர்ன் பண்ணி எடுத்துடலாமே?” மூத்தவர் தலையசைத்தார். “கன்னத்துல எடுப்பே தம்பி. மூக்கு நிழலை? கண் குழியை? மோவாய்க்குக் கீழ விழுறதை? வேற ஃபிரேம் இருக்கான்னு பாரு.” எனக்கு அந்தப் பதிலில் முழு உடன்பாடு. திசை மாறிய ஒளியைப் பிரஷ்ஷால் திருத்துவது முகத்தைப் புதிதாக வரைவதற்குச் சமம். சிலர் இன்னொரு குறுக்குவழி எடுப்பார்கள்: தலையை மட்டும் இடவலமாகப் புரட்டிவிடுவார்கள், நிழல் சரியான பக்கத்துக்கு வந்துவிடும். கூடவே பாட்டியின் ஒற்றை மூக்குத்தி மறுபக்கம் போகும், கன்னத்து மச்சம் போகும், வகிடு போகும். பாட்டியைத் தெரிந்த எவரும் அந்த முகத்தை ஏற்க மாட்டார்கள்.

ஆகவே ஐந்தாவது படம் கைவிடப்பட்டது. ஜூமில் தொடங்கியிருந்தால் இந்த இடத்துக்கு வந்து சேரும்போது ஒரு மணி நேரம் நரைமுடியை இழை இழையாக வெட்டி முடித்திருப்போம். அவ்வளவு உழைத்த தலையைத் தூக்கிப்போட மனம் வராது. நிழலைப் பார்க்காத மாதிரி இருந்துவிடத் தோன்றும். பெரிய பிழையை முதலில் தேட வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது படத்தில் பாட்டி கண் திறந்திருக்கிறார், சிரிப்பு குறைவு. அதை வைத்ததும் மறுபடி திருப்பிப் பார்த்ததில் அளவு சரியாக இருந்தது. தலை மட்டும் இரண்டு டிகிரி சாய்ந்திருந்ததால் அவ்வளவு சுழற்றியாயிற்று. கறுப்பு வெள்ளையில் நெற்றி 139, இடக் கன்னம் 135, வலக் கன்னம் 111. பழைய முகத்தைவிட மூன்றும் பத்து பதினொன்று குறைவு, ஏறக்குறைய ஒரே சீராக. நிழல் இருக்க வேண்டிய பக்கத்தில்தான் இருக்கிறது. வேகமாக அடுத்தடுத்து எடுக்கும்போது ஃபிளாஷ் முழுதாகச் சார்ஜ் ஏறும் முன்பே தட்டினால் இப்படிச் சற்று மங்கலாக வரும். கர்வ்ஸ் லேயர் ஒன்றை இந்தத் தலைக்கு மட்டும் பொருந்தும்படி மாட்டி, நடுப்பகுதியை மெல்லத் தூக்கியதும் எண்கள் பழைய முகத்தோடு சேர்ந்துவிட்டன.

கறுப்பு வெள்ளைக்குத் தெரியாத ஒன்று உண்டு. வெளிச்சம் சரியாக இருந்து நிறம் மட்டும் பிசகியிருந்தால் அது காட்டாது. எல்.இ.டி. வீடியோ லைட் பட்ட முகம் லேசாகப் பச்சையடித்திருக்கலாம். கழுத்து மஞ்சளாக, முகம் சிவப்பாக இருக்கலாம். அதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும். சோதனை லேயரை அணைத்துவிட்டு, மேலே ஒரு Hue/Saturation வைத்து Saturation-ஐ +60 அளவுக்கு ஏற்றிப் பார்த்தால், கண்ணுக்கு எட்டாமல் இருந்த நிறப் பிசகு கூச்சலிடும். கழுத்தும் முகமும் அந்த அளவிலும் ஒரே சாயலில் இருந்தால் கவலையில்லை. பார்த்து முடித்ததும் அதையும் அணைத்துவிட வேண்டும்.

இப்போதுதான் ஜூமுக்கு வருகிறோம். முழு ஜூம் என்பது 100 சதவீதம்: படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல். ஃபோட்டோஷாப்பில் Ctrl + 1 தட்டினால் அங்கே போய்விடலாம். 33, 67 போன்ற அளவுகளில் மென்பொருள் பல பிக்சல்களைச் சராசரியாக்கிக் காட்டுகிறது. ஓரத்து வெள்ளைக் கோடும் புள்ளிப் புள்ளியான இரைச்சலும் அந்தச் சராசரியில் கரைந்துபோகும். மிக அடர்த்தியான திரை உள்ள மடிக்கணினியில் 100 சதவீதமே பொடியாகத் தெரியும், அங்கே 200இல் பார்ப்பது சரி.

அதற்கும் மேலே போகலாமா? அச்சை வைத்துக் கணக்குப் போட்டால் பதில் கிடைக்கும். கேமரா கொடுத்த படத்தின் அகலம் 6000 பிக்சல். ஆல்பத்தில் அது 18 அங்குல அகலத்துக்கு அச்சாகிறது என்றால் ஓர் அங்குலத்துக்கு 333 பிக்சல். ஒரு பிக்சல் 0.08 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆல்பத்தை மடியில் வைத்து ஓர் அடி தூரத்திலிருந்து பார்க்கும் நல்ல கண்ணால் பிரித்தறிய முடிகிற எல்லை ஏறக்குறைய அதுதான். ஒரு பிக்சல் பிழை யாருக்கும் தெரியாது. நாலு பிக்சல் அகல வெள்ளைக் கோடு 0.3 மில்லிமீட்டர், கறுத்த முடியோரத்தில் அது கட்டாயம் தெரியும். எனவே 400, 800 என்று ஏற்றி ஒவ்வொரு பிக்சலாகத் துடைப்பதில் பொழுதுதான் போகும்.

6000-க்கு 4000 பிக்சல் படத்தில் சாதாரணமான 1920-க்கு 1080 திரை பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் காட்டும். மனம்போன போக்கில் இழுத்துப் பார்த்தால் சில மூலைகள் விட்டுப்போகும். Home விசை மேல் இடமூலைக்குக் கொண்டுபோகும்; Page Down ஒரு திரை கீழே இறக்கும்; Ctrl + Page Down ஒரு திரை வலப்பக்கம் நகர்த்தும். தலை மட்டும்தானே மாறியது, மற்ற இடங்களை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். மாஸ்க்கில் பிரஷ் ஓட்டும்போது கை தவறித் தூரத்தில் ஒரு புள்ளி விழுந்திருந்தால், அந்த இடத்தில் இரண்டாவது படத்தின் துண்டு எட்டிப் பார்க்கும். ஒரு குழந்தையின் கையில் ஆறாவது விரல் அப்படித்தான் முளைக்கிறது.

பாட்டியின் தலையைச் சுற்றி 100 சதவீதத்தில் மூன்று இடங்கள் சிக்கின. முதலாவது நரைமுடி. முடியை ஒட்டி வெட்டாமல் பின்னணியையும் கொஞ்சம் சேர்த்தே எடுத்திருந்தார் டிசைனர். அது நல்ல முறை; கேமரா முக்காலியில் இருந்ததால் பின்னணிப் பூச்சரம் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் இருந்தது, சுழற்றியதால் வந்த சிறு விலகல் பூக்களுக்கிடையே காணாமல் போனது. பின்னால் நின்ற பெரியப்பா மட்டும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் அரை அங்குலம் நகர்ந்திருக்கிறார். பாட்டியின் கொண்டைக்குப் பக்கத்தில் அவர் சட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரிந்தன. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் மாஸ்க்கை முடிவரை நெருக்கி வெட்ட வேண்டியதாயிற்று.

இரண்டாவது, தங்கச் சங்கிலி. மாஸ்க்கின் ஓரம் கழுத்தில் சங்கிலியைக் குறுக்கே கடந்தது. மேல் பாதி ஒரு படத்திலிருந்தும் கீழ் பாதி இன்னொன்றிலிருந்தும் வந்ததால், நடுவில் இரண்டு கண்ணி விலகி, சங்கிலி அறுந்தது போல நின்றது. நகையைக் குறுக்கே வெட்டவே கூடாது. ஓரத்தை மோவாய்க்குக் கீழே உள்ள நிழல் வரை தூக்கிவிட்டால் சங்கிலி முழுதும் பழைய படத்திலேயே இருந்துவிடும். நிழலில் தையல் தெரியாது. காது ஜிமிக்கிக்கும் இதே விதி: எடுத்தால் காதோடு முழுதாக எடுக்க வேண்டும்.

மூன்றாவது எல்லாவற்றையும்விட மெல்லியது. மண்டபத்தில் ஐ.எஸ்.ஓ. கூட்டி எடுத்த படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சல் எங்கும் இருக்கும். சுழற்றும்போது பிக்சல்கள் மறுகணக்காகி அந்த மணல் சற்றுக் கரைந்துவிடுகிறது. பாட்டியின் கன்னம் வழவழவென்றும், ஓர் அங்குலம் கீழே கழுத்து மணலாகவும் இருந்தது. Add Noise வடிகட்டியில் Gaussian, Monochromatic இரண்டையும் தேர்ந்து ஒரு சதவீதம் தூவியதும் இரண்டும் ஒன்றாயின. இதைவிட அதிகம் போட்டால் முகம் கழுத்தைவிடக் கரடாகிவிடும்.

கண் மூடிய ஒருவருக்கு அதே மேடையில், அதே விளக்கில், சில நொடி வித்தியாசத்தில் எடுத்த அவருடைய தலையையே வைக்கும்போது இந்த மூன்று சோதனைகளும் அருமையாக உதவுகின்றன. ஸ்டுடியோக்களுக்கு இன்னொரு வேண்டுகோளும் வருவதுண்டு: காலமான அப்பாவை மணமக்கள் பக்கத்தில் நிறுத்தித் தரச் சொல்வார்கள். கையில் இருப்பது ஒரு பழைய பாஸ்போர்ட் அளவுப் படமாக இருக்கும். அதைத் திருப்பிப் பார்த்து அளவைச் சரிசெய்யலாம், கறுப்பு வெள்ளையில் வெளிச்சத்தை ஓரளவு சேர்க்கலாம். முழு ஜூமில் மட்டும் தப்ப முடியாது. பக்கத்து முகங்களில் இமை முடி வரை தெரியும்போது அப்பாவின் முகம் மங்கிய கறையாக நிற்கும், எந்த வடிகட்டியும் அங்கே இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. அந்த வேலையை வாங்கும் முன்பே குடும்பத்துக்கு 100 சதவீதத்தில் இரண்டு முகங்களையும் அருகருகே திரையில் காட்டிவிட வேண்டும். அதைப் பார்த்த பிறகு, அவர் படத்தைச் சட்டமிட்டு மாலையோடு ஆல்பத்தின் முதல் பக்கத்தில் தனியாக வைக்கச் சொல்பவர்கள் உண்டு. நானும் அதையே பரிந்துரைப்பேன்.